கழிவு இரண்டு வகை: பில்லோடு முடிவது, பணத்தோடு வருவது

கேரளாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் தமிழ் பேசுகிறவர் "கழிவு எவ்வளவுங்க?" என்று கேட்பார். மலையாளம் பேசுகிறவர் "கிழிவு எத்ர?" என்பார். இரண்டும் தெரிந்த கடைக்காரர் இருவருக்கும் "டிஸ்கவுண்ட்" என்று ஆரம்பித்துப் பதில் சொல்வார். பேச்சுக்கு மூன்றும் ஒன்றுதான். கணக்கு எழுத உட்காரும்போதுதான் அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருப்பது தெரியும். ஒன்று வியாபாரக் கழிவு. பாடப்புத்தகம் வியாபாரத் தள்ளுபடி என்கிறது. மற்றது ரொக்கக் கழிவு, அதாவது ரொக்கத் தள்ளுபடி, கடையில் 'சி.டி.' என்றால் போதும். முதலாவது கணக்குப் புத்தகத்தில் எங்குமே தெரியக்கூடாது. இரண்டாவது தெரிந்தே ஆக வேண்டும்.

சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் பக்கத்துக் கடைகளுக்குப் பெரும்பாலான சரக்கு கோயம்புத்தூரிலிருந்துதான் வருகிறது. மழை மறைவுப் பகுதி. போர்வெல்லும் தென்னந்தோப்பும் சொட்டுநீருமாக ஓடும் விவசாயம். அதனால் பைப் கடைகளுக்கு ஜனவரியிலிருந்து நல்ல ஓட்டம். அப்படிப்பட்ட சில கடைகளுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். ஏப்ரலில் கோவை மொத்த வியாபாரிகளிடம் லெட்ஜர் நகல் வாங்கி நம் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கும்போது வரும் வித்தியாசங்களில் பாதிக்கு மேல் கழிவில்தான் போய் நிற்கும். அதனால் ஒரு பில்லை எடுத்து, விற்றவர் புத்தகத்திலும் வாங்கியவர் புத்தகத்திலும் அது எப்படி நடந்து போகிறது என்று கடைசி வரை பார்த்துவிடலாம்.

பில் இதுதான். பிப்ரவரி 6 தேதி. பிவிசி பைப் 100 லெங்த். லிஸ்ட் பிரைஸ் ஒன்றுக்கு 1,000 ரூபாய், ஆக 1,00,000. டீலர் கழிவு 30 சதவீதம் போக 70,000. நூறு லெங்த் ஒரே தடவையில் எடுப்பதால் மேற்கொண்டு 5 சதவீதம். அது போக 66,500. மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்கு என்பதால் ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 11,970. பில் மொத்தம் 78,470. அடியில் ஒரு வரி: பத்து நாளுக்குள் பணம் வந்தால் வரிக்கு முந்தைய மதிப்பில் 2 சதவீதம் சி.டி., இல்லையென்றால் முப்பது நாளில் முழுத்தொகை.

30-ம் 5-ம் சேர்ந்து 35 என்று நினைத்து பில்லை 65,000 என்று எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து சதவீதம் கணக்கிடப்படுவது முதல் கழிவு போன பிறகு நிற்கும் 70,000-த்தின் மேல். அதனால் மொத்தக் கழிவு 33.5 சதவீதம்தான்.

இனி முதல் கேள்வி. 33,500 ரூபாய் கழிவு கிடைத்திருக்கிறது, பில்லிலும் அச்சிட்டிருக்கிறது. அதை ஏன் எழுதக்கூடாது?

லிஸ்ட் பிரைஸ் என்பது யாரும் யாருக்கும் கொடுக்காத விலை என்பதுதான் காரணம். பைப் வியாபாரத்தில் இது இன்னும் வெளிச்சம். பிவிசி மூலப்பொருள் விலை அடிக்கடி ஏறி இறங்கும். அதற்கேற்பக் கம்பெனிகள் பெரும்பாலும் விலைப்பட்டியலைத் திரும்ப அச்சிடுவதில்லை, கழிவு சதவீதத்தை மாற்றிவிடுகின்றன. போன மாதம் 32, இந்த மாதம் 30 என்றால் விலை ஏறியிருக்கிறது என்று பொருள். அது மட்டுமல்ல, ஒரே பட்டியலைத் தோட்டக்காரருக்கும் பிளம்பருக்கும் கடைக்காரருக்கும் காட்டி, ஆளுக்கேற்பக் கழிவை மட்டும் மாற்றிக்கொள்ள முடிகிறது. கடைக்காரருடைய லாபத்துக்கான இடம் அந்தக் கழிவுக்குள்தான் இருக்கிறது. ஆக வியாபாரக் கழிவு விலையைப் பேசி முடிக்கிற ஒரு முறை. பேரம் முடிந்து சரக்கு கைமாறும்போது விலை 66,500. கணக்குப் புத்தகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்த பேச்சு அதற்குத் தேவையில்லை.

ஆகவே கோவை வியாபாரி தன் புத்தகத்தில், கொழிஞ்சாம்பாறைக் கடையின் கணக்கில் 78,470 பற்று வைத்து, விற்பனையில் 66,500-ம் செலுத்த வேண்டிய ஐஜிஎஸ்டியில் 11,970-ம் வரவு வைப்பார். இந்தப் பக்கம் கடைக்காரர் கொள்முதலில் 66,500-ம் உள்ளீட்டு ஐஜிஎஸ்டியில் 11,970-ம் பற்று வைத்து, கோவை வியாபாரியின் கணக்கில் 78,470 வரவு வைப்பார். இரண்டு புத்தகத்திலும் ஒரு லட்சம் என்ற எண்ணே இல்லை. வேலந்தாவளம் வழியாக வரும் வண்டிக்கு எடுக்கும் இ-வே பில்லிலும் அப்படித்தான். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சரக்கு என்பதால் அது கட்டாயம்; அதில் காட்டும் மதிப்பு வரியோடு சேர்ந்த பில் தொகையான 78,470.

எழுதினால்தான் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஒரு பக்கம் கொள்முதல் ஒரு லட்சம், மறுபக்கம் கழிவு வருமானம் 33,500; கூட்டிக் கழித்தால் அதே தொகைதானே? அந்த நினைப்பில் ஒரு கடையில் வருஷம் முழுக்க எழுதிவிட்டார்கள். கணினியில் பில்லைப் பதிவு செய்த பெண் கவனமானவர்தான். பில்லில் 'கழிவு' என்று ஒரு வரி தனியாக அச்சாகியிருந்தது, மென்பொருளில் 'பெற்ற தள்ளுபடி' என்று ஒரு லெட்ஜர் இருந்தது, இரண்டையும் சேர்த்துவிட்டார். வருஷக் கடைசியில் கணக்கைப் பார்த்த முதலாளி என்னிடம் கேட்டது இதுதான்: "ஏனுங்க சார், பைப்பில் நமக்கு நட்டமாங்க? பில்லுக்குப் பில் லாபம் வெச்சுத்தானுங்க வித்தேன்?"

நம் பில்லின் எண்களிலேயே அதைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நூறு லெங்த்தில் 60 விற்றது, ஒன்று 800 ரூபாய்க்கு, விற்பனை 48,000. நாற்பது கையிருப்பு. சரியான கணக்கில் ஒரு பைப்பின் அடக்கம் 665. விற்ற அறுபதின் அடக்கம் 39,900, மொத்த லாபம் 8,100. கையிருப்பின் மதிப்பு 26,600.

தப்பான கணக்கில் கொள்முதல் ஒரு லட்சம் என்று நிற்கிறது. கையிருப்பும் ஒன்று ஆயிரம் வீதம் 40,000 என்று ஏறிவிடுகிறது. விற்ற சரக்கின் அடக்கம் 60,000 ஆகி, 48,000 விற்பனையில் 12,000 மொத்த நட்டம் தெரிகிறது. அதற்குக் கீழே கழிவு வருமானம் 33,500 வந்து சேர்கிறது. நிகரமாக 21,500 லாபம்! உண்மையான 8,100-ஐ விட 13,400 கூடுதல். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? விற்காமல் கிடக்கும் நாற்பது பைப்பில், ஒவ்வொன்றின் மேலும் 335 ரூபாய் வீதம், இன்னும் சம்பாதிக்காத லாபம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேர்த்து வருமான வரி கட்டுவார். கையிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் 2, வாங்கிய அடக்கத்தைக் கணக்கிடும்போது வியாபாரக் கழிவைக் கழித்துவிட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இந்தத் தப்பு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க பில்களைப் புரட்ட வேண்டியதில்லை. மொத்த லாப விகிதம் நம்ப முடியாதபடி குறைந்தோ நட்டமாகவோ இருந்து, 'பெற்ற தள்ளுபடி' கொள்முதலில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று நின்றால், அதில் இருப்பது வியாபாரக் கழிவு. ரொக்கக் கழிவு அவ்வளவு பெருக்காது; அது ஒன்று, இரண்டு, மிஞ்சினால் ஐந்து சதவீதம். இன்னொரு சோதனை, விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் வாங்கியவருக்குத் தரும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி. அதில் அந்த பில்லின் வரிக்குரிய மதிப்பு 66,500 என்று இருக்கும். புத்தகத்தில் ஒரு லட்சம் என்று இருந்தால் வேறு அத்தாட்சி வேண்டாம்.

திரும்பிப் போகும் சரக்கிலும் இதே கோளாறு வரும். பத்து லெங்த் விரிசல் விட்டிருந்தது என்று திருப்பி அனுப்புகிறார்கள். குறிப்பு எழுதுகிறவர் விலைப்பட்டியலைப் பார்த்து ஒன்று ஆயிரம் என்று 10,000-மும் வரியும் போட்டுவிடுவார். வாங்கியது 665-க்கு, திரும்புவதும் 665-க்குத்தான். 6,650-ம் ஐஜிஎஸ்டி 1,197-ம் சேர்த்து 7,847. பணம் கட்டிச் சி.டி.யும் எடுத்த பிறகு சரக்கு திரும்பினால் இன்னொரு படி இருக்கிறது: திரும்பிய 6,650-க்கு எடுத்த 2 சதவீதம், 133 ரூபாய், அதையும் திருப்ப வேண்டும். இந்த 133-ஐ எழுதுகிற கடையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கோவைக்காரர் எழுதிவிடுவார், ஏப்ரலில் அது வித்தியாசமாக வந்து நிற்கும்.

இனி ரொக்கக் கழிவு. நம் பில்லில் அது 66,500-ல் 2 சதவீதம், 1,330 ரூபாய். பில் போட்ட நாளில் அந்த 1,330 ரூபாய்க்கு இருப்பே கிடையாது. கடைக்காரர் பத்து நாளுக்குள் கட்டுவாரா மாட்டாரா என்று அன்றைக்கு இருவருக்குமே தெரியாது. கட்டினால்தான் அது பிறக்கிறது. ஆகவே பில்லைப் பதியும்போது அதைத் தொடக்கூடாது. பிப்ரவரி 14-ம் தேதி கடைக்காரர் 77,140 ரூபாயை வங்கி மூலம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு எழுத வேண்டியது இது.

வாங்கியவர் புத்தகத்தில்:
கோவை வியாபாரி க/கு பற்று 78,470
வங்கி க/கு வரவு 77,140
பெற்ற தள்ளுபடி க/கு வரவு 1,330

விற்றவர் புத்தகத்தில்:
வங்கி க/கு பற்று 77,140
அளித்த தள்ளுபடி க/கு பற்று 1,330
கொழிஞ்சாம்பாறைக் கடை க/கு வரவு 78,470

வாங்கியவருக்கு 1,330 ஒரு ஆதாயம், விற்றவருக்கு ஒரு செலவு. கொள்முதலும் விற்பனையும் 66,500-லேயே நிற்கின்றன. கையால் எழுதின காலத்தில் முப்பத்தி ரொக்க ஏட்டில் இருபுறமும் ரொக்கத்துக்கும் வங்கிக்கும் பக்கத்தில் தள்ளுபடிக்கு ஒரு பத்தி இருந்தது இதற்காகத்தான். பற்றுப் பக்கத்தில் அளித்த தள்ளுபடி, வரவுப் பக்கத்தில் பெற்ற தள்ளுபடி. ரொக்கத்தையும் வங்கியையும் இருப்புக் கட்டுவார்கள். தள்ளுபடிப் பத்தியை இருப்புக் கட்ட மாட்டார்கள், கூட்டி மட்டும் வைப்பார்கள். அந்தப் பத்தியில் வியாபாரக் கழிவுக்கு ஒருபோதும் இடம் இருந்ததில்லை. ஏட்டைத் திறந்தவுடனேயே வித்தியாசம் கண்ணில் பட்டது. கணினியில் எல்லா லெட்ஜரும் ஒரே வரிசையில் நிற்பதால் அந்த வேலி போய்விட்டது. அதனால்தான் பதிகிறவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஏன் இதற்குத் தனிக் கணக்கு? இது சரக்கின் விலையைச் சேர்ந்ததல்ல, நாளின் விலை. விற்றவர் இருபது நாள் முன்னதாகப் பணம் வாங்குகிறார், அதற்கு வட்டி மாதிரி ஒன்றைக் கொடுக்கிறார். எவ்வளவு வட்டி என்று பார்த்தால்தான் இந்தத் தனிக் கணக்கின் பயன் தெரியும். பத்தாம் நாள் 77,140 கட்டுகிறார். கட்டாவிட்டால் முப்பதாம் நாள் 78,470. இருபது நாளுக்கு 77,140-ன் மேல் 1,330 என்பது 1.72 சதவீதம். வருஷத்துக்குப் பெருக்கினால் 31 சதவீதத்துக்கு மேல் வருகிறது. வங்கியில் 12 சதவீத ஓ.டி. எடுத்து அந்த 77,140-ஐக் கட்டினாலும் இருபது நாள் வட்டி ஏறக்குறைய 507 ரூபாய்தான். கையில் 820 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். கொள்முதலில் கரைத்து எழுதிய கடையில் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. தனி லெட்ஜர் இருந்தால், வருஷத்தில் எவ்வளவு சி.டி. கிடைத்திருக்க வேண்டும், எவ்வளவு கிடைத்தது என்று ஒரே பக்கத்தில் பார்க்கலாம். விற்றவருக்கும் அப்படியே: அளித்த தள்ளுபடி ஏறிக்கொண்டே போனால், வங்கியில் கடன் வாங்குவது மலிவா, சி.டி. கொடுத்து வசூலிப்பது மலிவா என்று அவர் யோசிக்க வேண்டும்.

இதுவரை வந்தது பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. சண்டை வருகிற இடம் ஜிஎஸ்டி. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு வியாபாரக் கழிவு, ரொக்கக் கழிவு என்று பெயர் வைத்துப் பிரிப்பதில்லை. கழிவு எப்போது கொடுக்கப்பட்டது என்றுதான் கேட்கிறது. பில்லிலேயே காட்டிக் கழித்திருந்தால் வரி மீதித் தொகைக்குத்தான். நம் 33,500 அப்படித்தான் வரிக்கு வெளியே போயிற்று. ரொக்கம் கொடுத்து எடுக்கும்போது சி.டி.யையும் பில்லிலேயே கழித்துவிட்டால் அதற்கும் வரி இல்லை. ஆனால் பில் போட்ட பிறகு கிடைக்கிற கழிவு வேறு. வரி முழுத்தொகைக்குக் கணக்கிட்டு முடிந்துவிட்டது. அதற்குப் பின் இரண்டு வழிகள்.

முதல் வழி, வரியைத் தொடாமல் விடுவது. விற்றவர் 1,330-க்கு வரி இல்லாத வரவுக் குறிப்பு கொடுக்கிறார். இதை நிதி வரவுக் குறிப்பு என்பார்கள். விற்றவர் கட்டிய 11,970 வரி அப்படியே இருக்கும். வாங்கியவர் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள எடுத்த 11,970 உள்ளீட்டு வரவும் அப்படியே இருக்கும். மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் இப்படிக் கொடுக்கலாம் என்று 2019 மார்ச் 7 தேதியிட்ட 92ஆம் சுற்றறிக்கையில் சொன்னது. இத்தகைய குறிப்பு வந்தால் வாங்கியவர் உள்ளீட்டு வரவைத் திருப்ப வேண்டியதில்லை என்று 2025 செப்டம்பர் 12 தேதியிட்ட 251ஆம் சுற்றறிக்கை தெளிவாக்கியது.

இரண்டாவது வழி, வரியையும் சேர்த்துக் குறைப்பது. சட்டம் கேட்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விற்றவர் 1,330-க்கும் அதன் வரி 239.40-க்கும் சேர்த்து 1,569.40-க்கு வரவுக் குறிப்பு போட்டு, ஜிஎஸ்டி கணக்கில் காட்டித் தன் வரியைக் குறைத்துக்கொள்வார். வாங்கியவர் தன் உள்ளீட்டு வரவில் 239.40-ஐத் திருப்பியாக வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு: அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்த நாள், எது முந்தியதோ அது.

எது லாபம் என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். முதல் வழியில் வாங்கியவர் 77,140 கட்டுகிறார், 11,970 வரி வரவு கிடைக்கிறது, கையை விட்டுப் போனது 65,170. இரண்டாவது வழியில் 76,900.60 கட்டுகிறார், வரி வரவு 11,730.60, கையை விட்டுப் போனது அதே 65,170. விற்றவருக்கும் இரண்டிலும் மிஞ்சுவது 65,170-தான். பைசா வித்தியாசம் இல்லை. முதல் வழியில் எழுத்து வேலை குறைவு, திருப்ப மறந்து நோட்டீஸ் வாங்கும் பயமும் இல்லை. ஆகவே சின்னக் கடைகளுக்கு முதல் வழியே நல்லது என்று நான் சொல்கிறேன்.

வம்பு வருவது இரண்டையும் கலக்கும்போது. கடைக்காரர் பில்லின் கடைசித் தொகையைப் பார்க்கிறார்: 78,470. அதில் 2 சதவீதம் 1,569.40. அதைக் கழித்து 76,900.60 அனுப்பிவிடுகிறார். உள்ளீட்டு வரவு மட்டும் முழு 11,970. அவருக்கு அடக்கம் 64,930.60 ஆகிறது. அந்த 239.40 விற்றவர் அரசாங்கத்துக்குக் கட்டிய வரியிலிருந்து போகிறது. விற்றவர் ஒப்புக்கொண்டால் தவறில்லை; சிலர் வாடிக்கை போய்விடக்கூடாதென்று மொத்தத்தின் மேலேயே சி.டி. கொடுக்கவும் செய்கிறார்கள். அப்படியானால் இருவரும் தள்ளுபடியை 1,569.40 என்றே எழுத வேண்டும். ஒப்புக்கொள்ளாதபோதுதான் ஒருவர் புத்தகத்தில் பாக்கி பூஜ்யம், இன்னொருவர் புத்தகத்தில் 239.40. ஏப்ரல் வித்தியாசங்களில், சி.டி.யின் சரியாக 18 சதவீதமாக ஒரு தொகை தொங்கினால் காரணம் இதுதான். மொத்தத்தின் மேலா, வரிக்கு முந்தைய மதிப்பின் மேலா என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரிக்கு முந்தைய மதிப்பின் சரியாக 2 சதவீதமாக, 1,330 போல ஒரு தொகை தொங்கினால் காரணம் வேறு: நாள் தவறியிருக்கிறது. பத்து நாள் என்பது பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா? செக் கொடுத்த நாளா, கோவை வங்கியில் பணம் ஏறிய நாளா? நம் பில்லுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 16. செக்கை 15-ம் தேதி கொடுத்து, அது 18-ம் தேதி ஏறினால், வாங்கியவர் தள்ளுபடி எழுதி முடித்திருப்பார், விற்றவர் மறுத்திருப்பார். மறுத்தது உறுதியானால் வாங்கியவர் தன் பதிவைத் திருப்ப வேண்டும்: பெற்ற தள்ளுபடியில் 1,330 பற்று, கோவை வியாபாரி கணக்கில் 1,330 வரவு. பாக்கி மறுபடி நிற்கும், கட்ட வேண்டும். வித்தியாசத் தொகையைப் பார்த்தே காரணத்தைச் சொல்ல முடிவது பெரிய வசதி. அதனால்தான் லெட்ஜரில் பில் வாரியாகப் பணத்தை நேர் செய்யுங்கள், 'கணக்கில் வரவு' என்று மொத்தமாகப் போடாதீர்கள் என்று கடைகளில் கெஞ்சுகிறேன்.

இரண்டு வகையிலும் சேராத மாதிரித் தெரியும் ஒன்று, வருஷக் கடைசியில் வரும் டர்ன்ஓவர் கழிவு. இவ்வளவு லட்சத்துக்கு மேல் எடுத்தால் இத்தனை சதவீதம் என்று மார்ச்சில் வரவுக் குறிப்பு வரும். பின்னால் வருவதால் பலர் இதைச் சி.டி.யோடு சேர்த்துவிடுகிறார்கள். பணம் எப்போது கட்டினீர்கள் என்று அது கேட்பதில்லை, எவ்வளவு எடுத்தீர்கள் என்றுதான் கேட்கிறது. ஆகவே குணத்தில் அது வியாபாரக் கழிவு, தாமதமாக வந்தது, அவ்வளவே. வாங்கியவர் கொள்முதலிலிருந்து அதைக் குறைக்க வேண்டும். கையிருப்பில் உள்ள சரக்கின் அடக்கத்திலும் அதன் பங்கு குறைய வேண்டும்.

பெரிய கம்பெனிகளின் புத்தகத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இண்ட் ஏஎஸ் தரங்களைப் பின்பற்றும் கம்பெனிகளுக்கு, 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 115ஆம் தரம், வாடிக்கையாளர் எடுக்கக்கூடிய ரொக்கக் கழிவை முன்கூட்டியே மதிப்பிட்டு விற்பனை வருமானத்திலிருந்தே குறைக்கச் சொல்கிறது. அங்கே 'அளித்த தள்ளுபடி' செலவாகத் தனியே தெரியாது. பைப் கம்பெனியின் ஆண்டறிக்கையில் அதைத் தேடிக் காணாமல் குழம்ப வேண்டாம். கடைக்கும் மொத்த வியாபாரிக்கும் மேலே சொன்ன முறையேதான்.

மிஞ்சியிருப்பது மார்ச் 31 தாண்டுகிற பில். இதே பில் மார்ச் 28-ல் போடப்பட்டு, பணம் ஏப்ரல் 5-ல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு பிறப்பது ஏப்ரலில், விற்பனை நடந்தது மார்ச்சில். தவறாமல் சி.டி. எடுக்கிற கடை அது என்று அனுபவத்தில் தெரிந்தால், விற்றவர் 1,330-க்குக் கடனாளிகள் மீதான தள்ளுபடி ஒதுக்கு என்று வைத்து, அந்த வருஷ லாபத்திலேயே குறைத்துக்கொள்வார். வாராக்கடன் ஒதுக்கைக் கழித்த பிறகு மிஞ்சும் நல்ல கடன்களின் மேல்தான் இதைக் கணக்கிட வேண்டும். பணமே தராதவர் கழிவு எடுக்கப் போவதில்லையே. வாங்கியவர் மட்டும் காத்திருப்பார். வரப்போகும் நட்டத்துக்கு முன்கூட்டியே இடம் விடலாம், வரப்போகும் ஆதாயத்தை முன்கூட்டியே எழுதக்கூடாது என்ற விவேக மரபு அவரைத் தடுக்கிறது. ஏப்ரல் 5-ல் பணம் அனுப்பிய பிறகுதான் அவர் புத்தகத்தில் 1,330 ஆதாயம் ஏறும். விற்றவரின் ஒதுக்கு தனிக் கணக்கில் நிற்பதால் கடையின் பேரேட்டுப் பக்கத்தை அது தொடாது. மார்ச் 31 அன்று இரண்டு லெட்ஜரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் 78,470-தான் இருக்க வேண்டும்.